போன் நிரம்பிவிட்டதா? பட்டா போகாமல் வாட்ஸ்அப்பைச் சுத்தம் செய்வது எப்படி?

ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி பக்கத்தில் எந்த செல்போன் கடையில் அரை மணி நேரம் நின்றாலும் இந்தப் பேச்சு காதில் விழும்.

''தம்பி, போட்டோ எடுக்க முடியல. இடம் இல்லைன்னு வருது.''

''வாட்ஸ்அப்பே இருபது ஜி.பி இருக்கும்மா. மொத்தமா க்ளியர் பண்ணிடட்டுமா?''

அந்தக் கேள்விக்கு ''சரிப்பா'' என்று தலையாட்டும் அந்த ஒரு நொடியில்தான் பிரச்னை இருக்கிறது. கடைக்காரர் அழிப்பது குட்மார்னிங் வீடியோக்களை மட்டும் அல்ல. ஐந்து வருடங்களுக்கு முன்பு சித்தப்பா அனுப்பிய பழைய பட்டாவின் படம், குத்தகைப் பணம் வாங்கியதற்கு நில உரிமையாளர் எழுதிக் கொடுத்த துண்டுச்சீட்டு, மாட்டுக்கு டாக்டர் எழுதிய மருந்துச்சீட்டு, கோயம்பேடு மண்டியில் இருந்து வந்த பில் என எல்லாமே அதே இடத்தில்தான் கிடக்கின்றன. அதில் பாதிக்குக் காகிதமே கிடையாது. வாட்ஸ்அப்பில் வந்த படம்தான் ஒரே சாட்சி.

இதற்குப் பயந்துகொண்டு எதையும் அழிக்காமலே இருக்கவும் வேண்டியதில்லை. போனை அடைத்துக்கொண்டிருப்பது ஆவணங்கள் அல்ல. இணையத்திலிருந்து இறங்கும் ஒரு பட்டா பி.டி.எஃப் சில நூறு கே.பி அளவுதான் இருக்கும். வாட்ஸ்அப்பில் வரும் ஒரு நிமிட வீடியோ பல எம்.பி இருக்கும். 300 பட்டா, சிட்டா, ரசீதுகளைச் சேர்த்தால்கூட பெரும்பாலும் 200 எம்.பி தாண்டாது. அந்த 200 எம்.பி-யைப் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டால், மீதி ஜி.பி கணக்கில் உள்ள குப்பையைத் தைரியமாக அழிக்கலாம். முறை இவ்வளவுதான்: முதலில் பொறுக்கி எடுப்பது, அதைச் சரிபார்ப்பது, பிறகுதான் அழிப்பது.

இதை ஒரு வீட்டை எடுத்துக்காட்டாக வைத்தே பார்ப்போம். திருமழிசைக்கு அந்தப் பக்கம், ஒரு ஏக்கர் சொந்த நிலத்திலும் 80 சென்ட் குத்தகை நிலத்திலும் கீரையும் மல்லியும் பயிர் செய்கிற குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் உள்ளது 64 ஜி.பி ஆண்ட்ராய்டு போன். அதை அம்மாதான் அதிகம் பயன்படுத்துகிறார். மகன் அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை பார்க்கிறார். ஞாயிற்றுக்கிழமை லீவில் வந்தவரிடம் போன் வருகிறது. காலியாக இருப்பது 700 எம்.பி. வாட்ஸ்அப் மட்டும் 22 ஜி.பி.

எங்கே போய் உட்காருகிறது?

வாட்ஸ்அப்பில் வரும் படமும் வீடியோவும் போனில் ஒரே இடத்தில்தான் சேர்கின்றன. ஆண்ட்ராய்டு 11-க்குப் பிறகு வந்த போன்களில், Files அல்லது My Files என்ற செயலியைத் திறந்து, கீழே உள்ள வழியில் ஒவ்வொரு ஃபோல்டராக உள்ளே போனால் அந்த இடத்தைப் பார்க்கலாம்.

```
Android/media/com.whatsapp/WhatsApp/Media
```

அதற்குள் WhatsApp Images, WhatsApp Video, WhatsApp Documents, WhatsApp Voice Notes என்று தனித்தனி ஃபோல்டர்கள் இருக்கும். பெயரே என்னவென்று சொல்லிவிடும். பழைய போன்களில் WhatsApp என்ற ஃபோல்டர் நேரடியாக வெளியிலேயே இருக்கும்.

இங்கே ஒரு விஷயத்தை மனதில் நிறுத்த வேண்டும். கேலரியில் தெரியும் வாட்ஸ்அப் படமும், சாட்டில் தெரியும் அதே படமும் இரண்டு அல்ல, ஒரே ஃபைல்தான். வீட்டுக்கு இரண்டு வாசல் இருப்பது மாதிரி. கேலரியில் அழித்தால் சாட்டிலும் போய்விடும். 'சாட்டில் இருக்கே' என்று நம்பி கேலரியைத் துடைத்தவர்கள்தான் அதிகம் ஏமாந்திருக்கிறார்கள். அழித்த பிறகும் சாட்டில் மங்கலான ஒரு சின்னப் படம் தெரிந்துகொண்டிருக்கும். அது நிழல். தொட்டுப் பார்த்தால், படம் போனில் இல்லை, அனுப்பியவரிடம் திரும்பக் கேளுங்கள் என்ற அறிவிப்புதான் வரும்.

ஃபைலின் பெயரிலும் தகவல் இருக்கிறது. IMG-20231206-WA0012.jpg என்றால், 2023-ம் ஆண்டு டிசம்பர் 6-ம் தேதி வாட்ஸ்அப்பில் வந்த அல்லது போன படம் என்று பொருள். வீடியோ என்றால் VID என்று தொடங்கும். தேதி ஞாபகம் இருந்தால், ஆயிரக்கணக்கான படங்களுக்கு நடுவில் தேட இந்தப் பெயர் உதவும்.

முதல் வேலை: எது மறுபடி கிடைக்கும், எது கிடைக்காது?

மகன் போனை வாங்கியதும் அழிக்க ஆரம்பிக்கவில்லை. ஒரு நோட்டை எடுத்து, அம்மாவிடம் கேட்டுக் கேட்டு இரண்டு பட்டியல் போடுகிறார்.

முதல் பட்டியல், அழிந்தாலும் மறுபடி வாங்கிக்கொள்ளக்கூடியவை. இப்போதைய பட்டா, சிட்டா, புல வரைபடம் ஆகியவற்றை eservices.tn.gov.in தளத்தில் மாவட்டம், தாலுகா, கிராமம், சர்வே எண் கொடுத்து எடுக்கலாம். வில்லங்கச் சான்றுக்கு tnreginet.gov.in இருக்கிறது. ஆதாரை myaadhaar.uidai.gov.in தளத்தில் திரும்ப இறக்கலாம். இவை போனில் இல்லாமல் போனாலும் தலை போகிற காரியம் இல்லை.

அம்பத்தூர் பக்கத்து வாசகர்கள் இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2018-ல் சென்னை மாவட்டம் விரிவாக்கப்பட்டபோது அம்பத்தூர் தாலுகா திருவள்ளூர் மாவட்டத்தில் இருந்து சென்னைக்கு மாறிவிட்டது. ஆவடியும் பூந்தமல்லியும் திருவள்ளூரிலேயே இருக்கின்றன. பழைய ஆவணத்தில் 'திருவள்ளூர் மாவட்டம், அம்பத்தூர் வட்டம்' என்று இருப்பதைப் பார்த்து அதே மாவட்டத்தில் தேடினால் தளத்தில் கிடைக்காது.

இரண்டாவது பட்டியல்தான் முக்கியம். எந்தத் தளத்திலும் கிடைக்காதவை.

''இந்தப் பட்டா வேணாம்மா. நெட்லயே எடுத்துக்கலாம்'' என்கிறார் மகன்.

''டேய், அது உங்க தாத்தா பேர்ல இருக்கற பழைய பட்டாடா. உட்பிரிவு பண்றதுக்கு முன்னாடி எடுத்தது. அதைத் தொடாத.''

அம்மா சொல்வதுதான் சரி. தளத்தில் கிடைப்பது இன்றைய நிலையில் உள்ள பட்டா மட்டும். உட்பிரிவு ஆவதற்கு முன்பு இருந்த பட்டா, பெயர் மாற்றத்துக்கு முந்தைய பட்டா ஆகியவற்றை அங்கே சாதாரணமாகப் பார்க்க முடியாது. பாகத் தகராறு, எல்லைத் தகராறு என்று வரும்போது முதலில் தேடுவது அந்தப் பழைய தாளைத்தான். மூலம் யார் வீட்டுப் பெட்டியில் இருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளவும் அந்தப் படம் வேண்டும்.

அவர்களின் இரண்டாவது பட்டியல் இப்படி நீள்கிறது. தாத்தா பெயரில் உள்ள பட்டாவின் படம். மூலப் பத்திரத்தை ஸ்கேன் செய்து பெரியப்பா அனுப்பிய பி.டி.எஃப். குத்தகைக்காரருக்குப் பணம் கொடுத்த துண்டுச்சீட்டுகளின் படங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் கீரைப்பாத்திகள் தண்ணீரில் நின்றபோது எடுத்த படங்கள், அப்போது கொடுத்த மனுவின் படம். விதை வாங்கிய பில், விதைப் பையில் அச்சிட்ட லாட் எண்ணின் படம். கோயம்பேடு கமிஷன் மண்டியில் இருந்து வரும் எடைச் சீட்டுகள். கறவை மாட்டின் சிகிச்சைச் சீட்டு. குத்தகையை இன்னும் இரண்டு வருடங்களுக்கு நீட்டிப்பதாக நில உரிமையாளர் பேசி அனுப்பிய ஒரு குரல் பதிவு.

எல்லாம் சேர்ந்து 61 ஃபைல்கள், 140 எம்.பி. 22 ஜி.பி-யில் இவ்வளவுதான் அந்தக் குடும்பத்துக்கு உண்மையில் தேவையானது.

பொறுக்கி எடுக்கும் விதம்

தேவையானவற்றைத் தேட இரண்டு வழிகள் இருக்கின்றன. யார் அனுப்பியது என்று தெரிந்தால், அந்த சாட்டைத் திறந்து, மேலே உள்ள பெயரைத் தொட்டு, Media, links and docs என்ற இடத்துக்குப் போக வேண்டும். அங்கே Docs என்ற பகுதியில் அவர் அனுப்பிய பி.டி.எஃப்-கள் மட்டும் வரிசையாகத் தெரியும். யார் அனுப்பியது என்று தெரியாவிட்டால், Files செயலி வழியாக WhatsApp Documents ஃபோல்டரைத் திறந்து பார்க்கலாம்.

எடுத்து வைக்கும் இடம் வாட்ஸ்அப் ஃபோல்டருக்கு வெளியே இருக்க வேண்டும். Files செயலியில் போனின் Documents ஃபோல்டருக்குள் 'நிலம்', 'ரசீது', 'மாடு' என்று புது ஃபோல்டர்கள் போடலாம். பிறகு தேவையான ஃபைலை அழுத்திப் பிடித்து, Copy to கொடுத்து, அந்த ஃபோல்டரில் சேர்க்க வேண்டும். Move to என்று இன்னொன்றும் இருக்கும். அதைக் கொடுக்க வேண்டாம். Move கொடுத்தால் ஃபைல் இடம் மாறி, சாட்டில் அந்தப் படம் திறக்காமல் போகும். யார், எந்தத் தேதியில், எந்தப் பேச்சுக்கு நடுவில் அனுப்பினார் என்ற தொடர்பு அறுந்துவிடும். நில உரிமையாளரின் குரல் பதிவு மாதிரியானவற்றுக்கு அந்தத் தொடர்புதான் பலம். அதனால் சாட்டில் உள்ளது சாட்டிலேயே இருக்கட்டும். நகல் மட்டும் வெளியே வரட்டும்.

நகல் எடுத்ததும் பெயரை மாற்றிவிட வேண்டும். 'IMG-20190814-WA0003' என்பதைவிட 'தாத்தா பட்டா உட்பிரிவுக்கு முன் 2019' என்று இருந்தால் அடுத்த வருடம் தேடும்போது கண்ணில் படும்.

சரிபார்க்காமல் அழிக்கக் கூடாது

நகல் எடுத்துவிட்டோம் என்று நினைத்து, பாதியில் நின்றுபோன ஃபைலை வைத்துக்கொண்டு அசலை அழித்துவிடுவது நடக்கிறது. போனில் இடமே இல்லாதபோது நகல் எடுத்தால் இப்படி ஆகலாம். அதனால் மிகவும் நெருக்கடியாக இருந்தால், முதலில் யாருக்கும் வேண்டாத ஒன்றிரண்டு பெரிய வீடியோக்களை மட்டும் அழித்து, கொஞ்சம் இடம் பண்ணிக்கொண்டு நகல் எடுக்கலாம்.

சரிபார்ப்பது எளிது. புது ஃபோல்டரில் இருந்து அந்த ஃபைலைத் திறக்க வேண்டும். பி.டி.எஃப் என்றால் கடைசிப் பக்கம் வரை தள்ளிப் பார்க்க வேண்டும். படம் என்றால் பெரிதாக்கி, சர்வே எண்ணைப் படிக்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும். அந்த வீட்டில் பெரியப்பா அனுப்பிய பத்திரத்தைத் திறந்து பார்த்தபோது 18 பக்கங்களில் ஏழாவது பக்கம் இல்லை. இது நகல் எடுத்ததில் வந்த தவறு அல்ல, அனுப்பும்போதே விடுபட்டிருக்கிறது. உடனே பெரியப்பாவுக்குப் போன் போட்டு, அந்தப் பக்கத்தை மட்டும் திரும்ப வாங்கிச் சேர்த்துவிட்டார்கள். இன்னும் பத்து வருடம் கழித்துத் தேவைப்படும் நாளில் இது தெரிந்திருந்தால்?

அடுத்து இரண்டாவது பிரதி. ஒரே போனுக்குள் இரண்டு ஃபோல்டரில் இருப்பது இரண்டு பிரதி ஆகாது. போன் கிணற்றில் விழுந்தால் இரண்டும் சேர்ந்தே போகும். மிக்ஜாம் மழையில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்ததைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 140 எம்.பி-க்குச் சிறிய பென்டிரைவே போதும். போனில் நேரடியாகச் செருகும் ஓ.டி.ஜி பென்டிரைவ் என்றால் கம்ப்யூட்டரே தேவையில்லை. மகனின் கூகுள் டிரைவிலும் ஒரு பிரதியைப் போட்டு வைக்கலாம்.

மத்திய அரசின் டிஜிலாக்கர் 2015 முதல் இருக்கிறது. அதில் இரண்டு வகை உண்டு என்பதை மட்டும் தெரிந்துகொள்ள வேண்டும். அரசுத் துறை நேரடியாக அதில் வழங்கும் ஆவணம் அசலுக்குச் சமம். நாமே படம் எடுத்து ஏற்றுவது வெறும் நகல்தான். பத்திரமாக வைக்கும் பெட்டியாக அதைப் பயன்படுத்தலாம். அசலாகக் காட்ட முடியாது.

'பேக்கப் இருக்கு' என்ற நம்பிக்கை

''கூகுள்ல தினமும் பேக்கப் ஆகுதே, அழிச்சாலும் அங்க இருக்கும்ல?'' இது பலரும் கேட்பது.

இருக்காது. வாட்ஸ்அப் பேக்கப் என்பது நெல் மூட்டைகளை அடுக்கி வைக்கும் குடோன் அல்ல; கண்ணாடி மாதிரி. இன்று போனில் என்ன இருக்கிறதோ அதைக் காட்டும். இன்று ஒரு படத்தை அழித்தால், அடுத்த பேக்கப் ஓடும்போது அங்கேயும் அது இருக்காது. வீடியோக்கள் அதில் சேர வேண்டும் என்றால் அதற்குத் தனியாக Include videos என்ற சுவிட்சைப் போட்டிருக்க வேண்டும். போனுக்குள்ளேயே தினமும் இரவில் எடுக்கப்படும் இன்னொரு பேக்கப்பில் பேச்சு மட்டும்தான் இருக்கும், படங்கள் இருக்காது. அதோடு, முன்பு ஆண்ட்ராய்டு போன்களின் வாட்ஸ்அப் பேக்கப் கூகுள் கணக்கில் சேராது. அது மாறி, இப்போது 15 ஜி.பி இலவச இடத்துக்குள்தான் அதுவும் அடங்க வேண்டும். மெயிலும் போட்டோவும் அதே 15 ஜி.பி-யில் பங்கு போடுகின்றன. அது நிரம்பிவிட்டால் பேக்கப் நின்றுபோகும். Settings-ல் Chats, அதற்குள் Chat backup போய்ப் பார்த்தால் கடைசியாக எந்தத் தேதியில் எடுத்தது என்று தெரியும். பழைய தேதி இருந்தால் நின்றுவிட்டது என்று அர்த்தம்.

இப்போது அழிக்கலாம்

எடுத்து வைத்து, சரிபார்த்து, இரண்டாவது பிரதியும் ஆன பிறகு, அழிப்பதற்கு வாட்ஸ்அப்பிலேயே வசதி இருக்கிறது. Settings, Storage and data, Manage storage என்று வரிசையாகப் போக வேண்டும்.

அங்கே முதலில் தெரிவது Forwarded many times. ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட பேச்சுகள் கைமாறி வந்தவை இதில் சேரும். திருஷ்டி வீடியோ, நாட்டு மருந்து வீடியோ, பண்டிகை வாழ்த்து எல்லாம் இங்கேதான். யாருடைய பத்திரமும் இத்தனை கை மாறி வராது என்பதால், ஒரு முறை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு மொத்தமாகத் தேர்வு செய்து அழிக்கலாம். அந்த வீட்டில் இதிலேயே 3 ஜி.பி கிடைத்தது.

அடுத்து Larger than 5 MB. இடம் அதிகம் கிடைப்பது இங்கேதான், ஆபத்தும் இங்கேதான். இதில் பெரும்பாலும் வீடியோக்கள் இருக்கும் என்பதால் பலரும் Select all கொடுத்துவிடுகிறார்கள். ஆனால் 18 பக்கப் பத்திரத்தை ஸ்கேன் செய்தால் அது 11 எம்.பி இருக்கும். வீடியோக்களுக்கு நடுவில் அதுவும் வந்து உட்கார்ந்திருக்கும். சாதாரணப் பட்டா இந்தப் பட்டியலில் வராது. நீளமான பத்திரம்தான் வரும். அதாவது, போனால் அதிகம் வருத்தப்பட வேண்டியதுதான் இங்கே மாட்டும். எனவே இந்தப் பட்டியலில் மட்டும் பொறுமையாக, பி.டி.எஃப் அடையாளம் உள்ளவற்றை விட்டுவிட்டு, வீடியோக்களை மட்டும் தொட்டுத் தொட்டுத் தேர்வு செய்ய வேண்டும். அழிக்கும்போது, நகல்களையும் சேர்த்து அழிக்கவா என்று சில சமயம் கேட்கும். ஒரே வீடியோ நான்கு குரூப்பில் வந்திருந்தால் நான்கையும் அழித்தால்தான் இடம் கிடைக்கும். இங்கே 8 ஜி.பி கிடைத்தது.

மூன்றாவது, பலர் கவனிக்காதது. நாம் அனுப்பும் படத்துக்கும் வீடியோவுக்கும் வாட்ஸ்அப் ஒரு பிரதி எடுத்து, WhatsApp Video, WhatsApp Images ஆகியவற்றுக்குள் Sent என்ற ஃபோல்டரில் வைத்துக்கொள்கிறது. கேமராவில் எடுத்து அனுப்பிய வீடியோ என்றால் கேமரா ஃபோல்டரில் ஒன்று, Sent ஃபோல்டரில் ஒன்று என்று இரண்டு இடத்தில் இடம் பிடிக்கும். Sent-ல் உள்ள வீடியோக்களை அழிக்கலாம். படங்களில் மட்டும் எச்சரிக்கை தேவை. வாட்ஸ்அப்புக்குள்ளேயே உள்ள கேமராவைத் திறந்து எடுத்து அனுப்பிய படத்துக்குப் போனின் கேமரா ஃபோல்டரில் மூலப்படம் இருக்காது. Sent-ல் உள்ளதுதான் ஒரே பிரதி. வயலில் நின்று அவசரமாக எடுத்து அனுப்பிய படங்கள் பெரும்பாலும் இந்த வகைதான். அந்த வீட்டின் மிக்ஜாம் படங்களில் பாதி இங்கேதான் இருந்தன.

Sent வீடியோக்களில் ஒன்றரை ஜி.பி. மூன்றும் சேர்த்துப் பன்னிரண்டரை ஜி.பி. ஆவணம் ஒன்றுகூடப் போகவில்லை. இதற்குமேல் வேண்டுமானால் Manage storage-ல் கீழே அளவு வாரியாக வரும் குரூப்களை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். குலதெய்வக் கோயில் குரூப்பில் தொடங்கலாம்; பத்திரம் அனுப்பும் சொந்தக்காரர் சாட்டைக் கடைசிக்கு விட்டுவிடலாம்.

இவ்வளவு அழித்தும் காலி இடம் கூடவில்லை என்றால் பயப்பட வேண்டாம். கேலரி வழியாகவோ Files வழியாகவோ அழித்தவை குப்பைத்தொட்டியில் 30 நாள் வரை கிடக்கும். அதுவரை இடத்தையும் பிடித்துக்கொண்டிருக்கும். ஒரு வாரம் பொறுத்து, எதுவும் தவறவில்லை என்று தெரிந்த பிறகு Trash அல்லது Recycle bin-ஐக் காலி செய்தால் இடம் கிடைத்துவிடும்.

ஒரு பட்டனை மட்டும் தொடவே கூடாது. போனின் செட்டிங்ஸில் Apps போய் வாட்ஸ்அப்பைத் திறந்தால் Clear cache, Clear storage என்று பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். சில போன்களில் Clear data என்று இருக்கும். Clear cache-ஆல் ஒன்றும் ஆகாது. மற்றது பேச்சு எல்லாவற்றையும் துடைத்துவிடும். 'ஒரே தொடுதலில் சுத்தம்' என்று விளம்பரம் செய்யும் க்ளீனர் செயலிகளும் தேவையில்லை. அதற்குத் தாத்தா பட்டா எது, குட்மார்னிங் படம் எது என்று தெரியாது.

தவறி அழித்துவிட்டால்...

கேலரியில் அழித்திருந்தால் முதலில் Trash-ஐப் பாருங்கள். வாட்ஸ்அப்பின் Manage storage வழியாக அழித்தது அந்தத் தொட்டிக்குப் போகாது. அப்போது, சாட்டில் அந்தப் படத்தைத் தொட்டுப் பாருங்கள். சில நாள்களுக்குள் வந்தது என்றால் சில சமயம் மறுபடி இறங்கும். இறங்கவில்லை என்றால் அனுப்பியவரிடம் கேளுங்கள். குரூப்பில் வந்தது என்றால் அந்தக் குரூப்பில் உள்ள யாருடைய போனிலாவது இருக்கும். மகனோ மகளோ கம்ப்யூட்டரில் வாட்ஸ்அப் திறப்பவர் என்றால் அந்தக் கம்ப்யூட்டரின் Downloads ஃபோல்டரையும் பார்க்கலாம். எதைச் செய்தாலும் அன்றே செய்ய வேண்டும். அவர்களும் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனைச் சுத்தம் செய்துவிடலாம்.

மறுபடி நிரம்பாமல் இருக்க...

அதே Storage and data பக்கத்தில் Media auto-download என்று இருக்கிறது. மொபைல் டேட்டா, வைஃபை, ரோமிங் மூன்றிலும் Videos என்பதில் உள்ள டிக்கை எடுத்துவிட வேண்டும். வேண்டிய வீடியோவை மட்டும் தொட்டு இறக்கிக்கொள்ளலாம். ஆனால் Documents என்பதில் டிக் இருக்கட்டும். ஏனென்றால், ஒருவர் அனுப்பிய பி.டி.எஃப்-ஐ நாம் தொட்டு இறக்காமலே விட்டால் அது நம் போனுக்கு வந்ததாகவே ஆகாது. பல மாதம் கழித்துத் தேடும்போது பெயர் மட்டும் தெரியும், ஃபைல் இறங்காது.

இனிமேல் பத்திரம், பட்டா, பயிர்ச்சேதப் படம் ஆகியவற்றை அனுப்பும்போது, போட்டோவாக அனுப்பாமல், பின் அடையாளத்தைத் தொட்டு Document என்று தேர்வு செய்து அனுப்பலாம். போட்டோவாக அனுப்பினால் வாட்ஸ்அப் அதைச் சுருக்கிவிடும். சின்ன எழுத்து மங்கும். எங்கே, எப்போது எடுத்த படம் என்று படத்துக்குள் பதிவாகியிருக்கும் விவரமும் போய்விடும். Document ஆக அனுப்பினால் எடுத்தது எடுத்தபடி போகும். சேதம் பார்க்க வருகிறவர்களிடம் காட்ட அதுதான் உதவும்.

அன்று மாலை பென்டிரைவை ஒரு சின்னக் கவரில் போட்டு, பத்திரம் இருக்கும் அதே டிரங்குப் பெட்டியில் வைக்கப் போனார் மகன்.

''அதுல வேணாம்டா. பத்திரமும் இதுவும் ஒரே இடத்துல இருந்தா, ஒண்ணு போனா ரெண்டும் போயிடும். நீ அம்பத்தூருக்கு எடுத்துட்டுப் போ'' என்றார் அம்மா.

வாசகர் கேள்விகள்

மெமரி கார்டு வாங்கிப் போட்டால் வாட்ஸ்அப் அதில் சேருமா?

சேராது. வாட்ஸ்அப் தன் படங்களைப் போனின் உள் நினைவகத்தில்தான் வைக்கும். பொறுக்கி எடுத்த ஆவணங்களின் நகலை கார்டில் போட்டு வைக்கலாம். ஆனால், கார்டு அதே போனுக்குள் இருக்கும்வரை அதை இரண்டாவது பிரதியாகக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

கேலரியில் தெரியாமல் மறைத்து வைத்தால் இடம் மிச்சமாகுமா?

ஆகாது. குரூப் படங்கள் கேலரியில் வராமல் இருக்க Media visibility என்ற வசதி இருக்கிறது. அது கண்ணுக்கு மறைக்கும், இடத்தைக் குறைக்காது. இடம் வேண்டும் என்றால் தானாக இறங்குவதைத்தான் நிறுத்த வேண்டும்.

புதுப் போன் வாங்கினால் 'நிலம்' ஃபோல்டர் தானாக வந்துவிடுமா?

வாட்ஸ்அப் பேக்கப் வழியாக வராது. அது வாட்ஸ்அப்புக்குள் இருப்பதை மட்டுமே கொண்டுவரும். நாம் வெளியே போட்ட ஃபோல்டரைப் பென்டிரைவ் மூலம் நாமே புதுப் போனில் ஏற்ற வேண்டும். பழைய போனை எக்ஸ்சேஞ்சில் கொடுப்பதற்கு முன்பு, புதுப் போனில் ஒவ்வொரு பத்திரமும் திறக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.